5 மில்லி விநாடி பிந்தும் டிரம்

கணினியில் பாட்டு மிக்ஸ் செய்பவர்கள் பலருக்கும் இது நேர்ந்திருக்கும். டிரம் டிராக்கில் சில அடிகள் அளவுக்கு மீறி எகிறுகின்றன என்று ஒரு லிமிட்டரைப் போடுவார்கள். எகிறல் அடங்கிவிடும். ஆனால் அதுவரை பேஸ் கிட்டாரோடு ஒட்டி விழுந்த கிக், இப்போது ஒரு மயிரிழை பிந்தி விழும். கணினிக்கு வேகம் போதவில்லை என்று நினைத்துப் பலர் பஃபரை மாற்றிப் பார்ப்பார்கள், பயன் இராது. கணினி திணறினால் ஒலி விட்டுவிட்டு வரும், வெடிக்கும். இப்படி ஒரே சீராகப் பிந்தாது.

காரணம் லிமிட்டர் வேலை செய்யும் முறையிலேயே இருக்கிறது. ஒலி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாமல் தடுப்பது அதன் பணி. ஸ்நேர் அடி நொடிப்பொழுதில் உச்சத்துக்குப் போய்விடும். போன பிறகு சட்டென்று வெட்டினால் அலையின் வடிவம் உடைந்து கரகரப்புக் கேட்கும். கரகரப்பில்லாமல் அடக்க வேண்டுமென்றால், உச்சம் வருமுன்பே ஒலியை மெல்லத் தணிக்கத் தொடங்க வேண்டும். வரப்போவதை எந்தக் கருவியாலும் அறிய முடியாது. ஆகவே லிமிட்டர் வந்த ஒலியை உடனே வெளியே விடாமல் 5 மில்லி விநாடி நிறுத்தி வைக்கிறது. அந்த அவகாசத்தில் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்கிறது. இதைத்தான் லுக்அஹெட் என்கிறார்கள். விநாடிக்கு 48,000 சாம்பிள் ஓடும் பதிவில் 5 மில்லி விநாடி என்பது 240 சாம்பிள்.

இந்தத் தாமதத்தை லிமிட்டர் மறைப்பதில்லை. தான் 240 சாம்பிள் பிந்துவதாக மிக்ஸிங் மென்பொருளிடம் சொல்லிவிடும். மென்பொருள் மற்ற டிராக்குகளையும் அதே 240 சாம்பிள் தள்ளி ஓட்டும். அதாவது டிரம் முன்னுக்கு வருவதில்லை, மற்றவை காத்திருக்கின்றன. பிளக்கின் தாமத ஈடு என்பது இவ்வளவுதான். எல்லாம் சேர்ந்தே பிந்துவதால் கேட்பவருக்கு எதுவும் தெரியாது.

அப்படியானால் டிரம் மட்டும் ஏன் பிந்துகிறது? முதலில் பார்க்க வேண்டியது, ஈடு செய்யும் வசதி அணைந்திருக்கிறதா என்பது. Ableton Live-இல் அது Options மெனுவில் Delay Compensation என்று இருக்கும். அது சரியாக இருந்தால் சந்தேகம் பிளக்கின் மீது. சில பிளக்கின்கள் தாமதத்தைத் தவறாகச் சொல்லும். சில சொல்லவே சொல்லாது. இன்னும் குழப்புவது, பாட்டு ஓடும்போதே லுக்அஹெட் குமிழைத் திருப்புவது. 0 ஆக இருந்ததை 5 ஆக்கினால் தாமதம் மாறும். பிளக்கின் அதை மறுபடி அறிவிக்க வேண்டும், மென்பொருளும் கணக்கைத் திருத்த வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் டிரம் பிந்தும். நிறுத்தி மறுபடி ஓட்டினால் சரியாகிவிடுகிறதென்றால் பெரும்பாலும் கோளாறு இதுதான்.

காதை நம்பி வாதிடுவதைவிட அளந்து பார்ப்பது எளிது. டிரம் டிராக்கை நகல் எடுத்து, நகலில் மட்டும் லிமிட்டரைப் போடுங்கள். அது எதையும் அடக்காதபடி அளவை உயர்த்தி வையுங்கள். பிறகு நகலின் அலையைத் தலைகீழாக்கி இரண்டையும் சேர்த்து ஓட்டுங்கள். நேரம் பொருந்தினால் ஒன்றையொன்று அழித்து அமைதியாகிவிடும். டிரம் மெல்லியதாக, குழாய்க்குள் ஒலிப்பதுபோல் கேட்டால் பொருந்தவில்லை. எவ்வளவு விலகல் என்று அறிய, பாட்டின் முதல் விநாடி முடியும் இடத்தில் ஒரே ஒரு கிளிக்கை வைத்து லிமிட்டரோடு ரெண்டர் செய்யுங்கள். 48,000-ஆவது சாம்பிளில் இருக்க வேண்டிய கிளிக் 48,240-இல் நின்றால், 240 சாம்பிள் அறிவிக்கப்படாமல் போயிருக்கிறது. டிராக்கின் நேரத்தை −5 மில்லி விநாடி என்று கையால் வைத்தால் தீரும். லுக்அஹெட்டை மாற்றினால் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். லிமிட்டரால் வரும் தாமதம் பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு. போகப்போக இடைவெளி கூடினால் லிமிட்டரைக் குறை சொல்லாதீர்கள். அது பெரும்பாலும் இரண்டு கருவிகளின் கடிகாரம் ஒத்துப்போகாததால் வருவது.

ஈடு செய்ய முடியாத இடமும் ஒன்று உண்டு. மாஸ்டரில் லிமிட்டர் இருக்க, பாடகர் தன் குரலை அதன் வழியாகவே ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடினால், குரல் அந்த 5 மில்லி விநாடி பிந்தித்தான் காதுக்கு வரும். பதிவான டிராக்கை முன்கூட்டிப் படிக்கலாம். இன்னும் பாடாத குரலைப் படிக்க முடியாது. 128 சாம்பிள் பஃபர் போகவும் வரவும் மேலும் 5 மில்லி விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பதிவு முடியும்வரை மாஸ்டர் லிமிட்டரை அணைத்தே வைக்கிறார்கள். Logic-இல் Low Latency Mode-ஐ அழுத்தினால், தாமதம் அதிகமுள்ள பிளக்கின்களை அதுவே ஓரங்கட்டிவிடும்.