ஔவையாரின் வஞ்சப் புகழ்ச்சி: ஒரு நோக்கு

அணியின் பெயரைச் சொல்லிவிட்டால் செய்யுளை விளக்கியாயிற்று என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளில் இன்றும் நிலவுகின்றது. பெயரிடுதல் தொடக்கமேயன்றி முடிவன்று. உருவகத்தைக் கண்டுகொள்ளுதல் பெரும்பாலும் எளிது. இரவச்ச அதிகாரத்தில் இரத்தலைப் பாதுகாப்பற்ற தோணியென்றும், கரத்தலை அது மோதியுடையும் பாறையென்றும் வள்ளுவர் கூறும்போது, இரத்தல் தோணியன்று என்பதை நாம் உடனே உணர்கின்றோம். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையேயுள்ள பொருந்தாமையே அங்கு அடையாளமாகின்றது. வஞ்சப் புகழ்ச்சியிலோ அத்தகைய அடையாளம் இல்லாமலே போகலாம்.

புறநானூற்றின் 95ஆம் பாடலை எடுத்துக்கொள்வோம். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். இவை பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவலுடைய மாளிகையில் உள்ளன என்கிறார் அவர். அவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு கொட்டிலிற் கிடக்கின்றன என்கிறார். இவற்றுள் எச்சொல்லும் பொய்யன்று. எச்சொல்லும் தன் பொருளினின்று பெயரவுமில்லை. கேட்போன் தானே ஒரு படி நடந்தாக வேண்டும்: சிதைந்தவை போரிற் பயின்றவை, ஆயின் சிதையாதவை? இவ்வினாவைப் புலவர் எழுப்பவில்லை. முதற்பகுதியை வெறும் பாராட்டாகக் கொள்வோமாயின் நுனி சிதைந்த செய்தி பயனற்றுத் தொங்கும். அவ்வாறு ஒரு செய்தி தொங்கி நிற்பதே வஞ்சப் புகழ்ச்சியை நாம் ஐயுறுதற்குரிய இடம்.

பாடலின் தொடரமைப்பும் கருதத்தக்கது. 'அவை' எவருடையவை என்பது இறுதிவரை ஒத்திவைக்கப்படுகின்றது. உள்ளபோது பிறர்க்கு உணவளித்தும், இல்லாதபோது அவரோடு கூடியுண்டும் வாழும் வறியோர் சுற்றத்தின் தலைவன் என்று அதியமானைக் கூறிய பின்னரே அவன் வேல் பெயர்பெறுகின்றது. முன்னர் நுனி சிதைந்ததாகச் சொல்லப்பட்ட அவ்வேல் ஈற்றிற் கூர்நுனி வேலாகக் குறிக்கப்படுதலும் நோக்கத்தக்கது. காவல் மாளிகைக்கு எதிரே கொல்லன் கொட்டிலும் வறியோர் சுற்றமும் நிறுத்தப்பெறுவதால் ஒப்பீடு படைக்கலத்தோடு நில்லாது ஆட்சியின் இயல்புக்கும் விரிகின்றது. முற்போக்குத் திறனாய்வாளர் இப்பகுதியை இன்னும் போதியளவு கவனிக்கவில்லை என்பது எம் கருத்து.

இம்முறை தூதுவர்க்குக் காப்புமாகின்றது. தொண்டைமான் சினப்பதாயின் இகழ்ச்சியைத் தானே எடுத்துரைத்தாக வேண்டும். அவர் சொன்னதோ புகழ்மொழி மட்டுமே.

ஈண்டு ஓர் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். தொண்டைமான் பெயரும் தூதுச் செய்தியும் பாடலுள் இல்லை, கொளுவிலேயே உள்ளன. கொளுக்கள் பாடல்களைத் தொகுத்தோராற் சேர்க்கப்பட்டவை என்பர் ஆய்வாளர் பலர். கொளுவை நீக்கிப் படித்தால் இருவகைப் படைக்கலங்களின் முரணும் அதியமான் புகழும் எஞ்சும். எதிரே நின்று கேட்பவன் மறைந்துவிடுவான்.