தேர்வில் தேறியும் பணம் வரவில்லையா?

எட்டாம் வகுப்பில் எழுதும் என்.எம்.எம்.எஸ். தேர்வில் தேறினால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கானது இது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது.

ரிசல்ட்டில் பெயர் வந்ததும் வேலை முடிந்தது என்று பலரும் இருந்துவிடுகிறார்கள். தேர்வுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பித்தது ஒரு கெடு. தேறிய பிறகு தேசிய உதவித்தொகை இணையதளத்தில் தனியாகப் பதிய வேண்டும். அதற்கு வேறொரு கெடு.

அங்கே பதிந்தாலும் போதாது. முதலில் பள்ளி சரிபார்க்கும், அடுத்து மாவட்ட அலுவலர். இரண்டுக்கும் தனித்தனிக் கடைசித் தேதி உண்டு. பள்ளிப் பதிவேட்டில் 'கே. செல்வி', ஆதாரில் 'செல்வி குமார்' என்று இருந்தால் சிக்கல் இங்கேதான் தொடங்கும். திருத்தச் சொல்லி விண்ணப்பம் 'Defective' என்று திரும்பும். கெடுவுக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் அந்த ஆண்டுப் பணம் போச்சு. கடைசி நாளில் பதிகிற பிள்ளைக்குத் திருத்த நாள் ஏது?

இன்னொன்று, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 சதவீதம் எடுத்தால்தான் பிளஸ் ஒன்னில் தொடரும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55 போதும்.