புதுக் கோழியை நேரே கூட்டில் விடாதீர்

தோழர்களே, 1998-ல் பேராக்கில் தொடங்கிய நிப்பா காய்ச்சல் நம் நெகிரி செம்பிலானுக்கு, புக்கிட் பெலண்டோக்குக்கு, எப்படி வந்தது? நோய் கண்ட பன்றிகளை லோரியில் ஏற்றி விற்றார்கள், அவற்றோடு வந்தது. முதலில் கொசுதான் காரணமென்று மருந்து புகைத்தார்கள், நிற்கவில்லை. 1999-க்குள் நாட்டில் 105 பேர் மாண்டார்கள். பன்றிகளோ பல லேசாக இருமியதோடு சரி, சிலவற்றில் அதுவும் இல்லை.

லயத்துக் கோழியையும் பார்வையை வைத்து நம்பக்கூடாது. வாங்கிய சேவலை மூன்று வாரம் எட்டத்தில், வேறு கூண்டில், வேறு தண்ணீர்த் தட்டோடு வையுங்கள். வெள்ளைக் கழிச்சல் பெரும்பாலும் ஐந்தாறு நாளில் தெரியும். சிலதில் 15 நாள் இழுக்கும். அதனால்தான் மூன்று வாரம். பழைய கோழிக்கு முதலில் தீனி, புதுசுக்குக் கடைசியில்.

கோழி வாங்க வருகிறவர் வாசலோடு நிற்கட்டும். உங்கள் சப்பாத்தில் ஒட்டிய எச்சத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகே மருந்துத் தண்ணீரில் மிதியுங்கள். அழுக்கோடு மிதித்தால் மருந்து வேலை செய்யாது. அந்தத் தண்ணீர் கலங்கினாலும் மாற்றிவிடுங்கள்.

செத்த கோழியை ஆற்றில் எறியாமல், கிணற்றுக்குத் தள்ளி, நாய் கிளறாத ஆழத்தில் புதையுங்கள். இரண்டு மூன்று ஒருசேரச் செத்தால் சமைக்க வேண்டாம். கால்நடை இலாகாவுக்குச் சொல்லியனுப்புங்கள்.