லேப் கல்லூரியுடையது, கண்டுபிடிப்பு யாருடையது?

இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர், மண்ணில் ஈரம் குறைந்ததும் மோட்டாரைத் தானே ஓட்டும் கருவி ஒன்றைச் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லேபும், உதிரிபாகங்களுக்கான 30,000 ரூபாயும் கல்லூரி கொடுத்தவை. கருவியை இயக்கும் புரோகிராமை எழுதியது மூவரில் ஒருவர்.

காசு போட்டதால் மட்டுமே கண்டுபிடிப்பும் புரோகிராமும் கல்லூரிக்குச் சொந்தமாகிவிடாது. காப்புரிமைச் சட்டம், 1970-இன்படி விண்ணப்பிக்கும் உரிமை உண்மையான முதல் கண்டுபிடிப்பாளருக்கோ, அவர் எழுதிக்கொடுத்தவருக்கோதான் உண்டு. புரோகிராமுக்குப் பதிப்புரிமைச் சட்டம், 1957 பொருந்தும். அதில் எழுதியவரே முதல் உரிமையாளர். வேலையின் பகுதியாக ஊழியர் எழுதியது முதலாளிக்குப் போகும். ஆனால் ஃபீஸ் கட்டிப் படிக்கும் மாணவர் ஊழியர் அல்ல.

அப்படியானால் உரிமை எங்கே கைமாறுகிறது? பெரும்பாலும் ஒரு கையெழுத்தில். அட்மிஷன் அல்லது ப்ராஜெக்ட் நிதிப் படிவத்தில், ‘கல்லூரியின் அறிவுசார் சொத்துரிமைக் கொள்கைக்குக் கட்டுப்படுகிறேன்’ என்ற வரி இருக்கலாம். அந்தக் கொள்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்த அளவு வசதியைப் பயன்படுத்தினால் கல்லூரி உரிமை கோரும், வருமானத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்ற இரண்டையும் முதலில் பாருங்கள்.

அடுத்த இடம், காப்புரிமை விண்ணப்பமான படிவம் 1. அதில் விண்ணப்பதாரர் வேறு, கண்டுபிடிப்பாளர் வேறு. கண்டுபிடிப்பாளர் கையெழுத்திடும் உறுதிமொழியில், விண்ணப்பதாரருக்கு உரிமையை ஒப்படைத்துவிட்டேன் என்ற பொருள் இருக்கிறது. ‘சும்மா ஒரு ஃபார்மாலிட்டிப்பா’ என்று கைடு நீட்டினாலும், பங்கு என்ன என்பதைத் தனியே எழுத்தில் வாங்காமல் அங்கே கையெழுத்திடாதீர்கள்.

பெயரையே விட்டுவிட்டு விண்ணப்பித்திருந்தால்? காப்புரிமை அலுவலக இணையதளத்தில், வெளியிடப்பட்ட விண்ணப்பங்களைத் தேடிப் பார்க்கலாம். வழக்கமாக 18 மாதம் கழித்தே விண்ணப்பம் அங்கே வரும். கண்டுபிடிப்பாளராகப் பெயர் சேர்க்கப் பிரிவு 28-இன்கீழ் படிவம் 8 கொடுக்க வேண்டும். காப்புரிமை வழங்கப்படும் முன்பே கொடுத்தாக வேண்டும். ஆனால் பெயர் சேர்வதாலேயே சொத்தில் பங்கு வந்துவிடாது. உங்கள் கண்டுபிடிப்பையே அபகரித்திருந்தால், பிரிவு 25-இன்கீழ் எதிர்ப்பு தெரிவிக்கலாம். காப்புரிமை வழங்கப்பட்ட அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள்ளும் அதற்கு வழி உண்டு. தேதியிட்ட லேப் நோட்டு, ரிவ்யூ அறிக்கைகள், மின்னஞ்சல்கள், கிட்ஹப் பதிவுகள் ஆகியவைதான் அப்போது சாட்சி. கல்லூரி முடியும்போது நோட்டை ஒப்படைப்பதற்கு முன் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

உரிமைச் சண்டைக்கு வழியே இல்லாமல் போகும் ஆபத்தும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே கல்லூரிக் கண்காட்சியில் கருவியை விளக்கிவிட்டாலோ, யூடியூபில் வீடியோ போட்டுவிட்டாலோ, அது புதியதல்ல என்றாகிவிடலாம். இதற்குச் சட்டம் தரும் 12 மாதச் சலுகை, அரசு அறிவித்த கண்காட்சிகள், அறிஞர் அமைப்புகளில் படிக்கும் கட்டுரைகள் போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே. அதனால் எக்ஸ்போவுக்கு முன் தற்காலிக விவரக்குறிப்புடன் விண்ணப்பித்துவிடுங்கள். முழு விவரக்குறிப்பை அடுத்த 12 மாதத்துக்குள் தரலாம்.