வெல்லம் எப்போது சேர வேண்டும்?

சர்க்கரைப் பொங்கலில் சில சமயம் அரிசி நறுக்கென்று பல்லில் தட்டுப்படும். வெல்லம் அவசரப்பட்டு உள்ளே போனதுதான் காரணம். இனிப்பு சேர்ந்துவிட்டால் அரிசியும் பருப்பும் அதற்குமேல் எளிதில் வேகாது. எத்தனை நேரம் கொதித்தாலும் விறைப்பாகவே நிற்கும்.

ஒரு ஆழாக்கு பச்சரிசிக்குக் கால் ஆழாக்கு பாசிப்பருப்பு. பருப்பை வாசனை வரும் வரை வறுத்து, அரிசியோடு ஐந்து ஆழாக்கு தண்ணீரில் வேகவிட வேண்டும். ஒரு பருக்கையை விரலால் நசுக்கினால் நடுவில் கடினம் தெரியாமல் மசிய வேண்டும். அதுதான் பதம்.

அதே சூட்டில் கரண்டியால் நன்றாக மசித்துவிட்டால் பொங்கல் வெண்ணெய் போலக் குழையும். ஒன்றரை ஆழாக்கு வெல்லத்தைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, இப்போது ஊற்றலாம். பாகு காய்ச்ச வேண்டாம். பாகு முற்றினால் ஆறியதும் பொங்கல் இறுகிவிடும்.

சற்றுத் தளர இருக்கும்போதே இறக்கிவிடுவது நல்லது, ஆற ஆறக் கெட்டிப்படும். நெய்யில் பொன்னிறமாக வறுத்த முந்திரியை அந்த நெய்யோடு கொட்டி, ஏலப்பொடியைக் கடைசியில் தூவிக் கிளறினால் மணம் ஆவியோடு போகாது.