லீவ் லெட்டரில் எதை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது?

‘ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...’ தமிழ்நாட்டில் படித்தவர்களில் பாதிப்பேர் இந்த வரியைத் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். பள்ளியில் மனப்பாடம் செய்த அந்தக் கடிதத்தையே, பெற்றோர் ஆன பிறகும் பலர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். கூடவே இரண்டு ‘தாழ்மையுடன்’, ஒரு ‘தயவுகூர்ந்து’, கொஞ்சம் குடும்பக் கதை.

வகுப்பாசிரியர் இதை எப்போது படிக்கிறார்? பெரும்பாலும் காலையில் முதல் பீரியடில், ஒரு கையில் வருகைப்பதிவேடும் எதிரே நாற்பது பிள்ளைகளின் சத்தமுமாக நிற்கும்போது. அவர் தேடுவது கொஞ்சம்தான்: எந்தப் பிள்ளை, எந்தெந்தத் தேதி, என்ன காரணம், எப்போது திரும்பும், தான் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்திக்குக் கயல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவள் அம்மா முதலில் எழுதியது இப்படி:

‘மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டு விசேஷத்துக்குப் போய்வந்ததிலிருந்து கயலுக்கு உடம்பு சரியில்லை. அங்கே ஐஸ்கிரீம் சாப்பிட்டாள். ராத்திரி உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் மாத்திரை கொடுத்து ஓய்வெடுக்கச் சொன்னார். ஆகவே மூன்று நாட்களாக வர இயலவில்லை. நடுவில் ஏதோ டெஸ்ட் இருந்ததாம். தயவுகூர்ந்து மன்னித்து விடுப்பு அளிக்குமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தேதியைக் காணோம். ‘மூன்று நாட்களாக’ என்றால் எந்த மூன்று நாள்? கடிதம் இரண்டு நாள் புத்தகப்பைக்குள்ளேயே கிடந்தால் கணக்கு மாறிவிடும். எந்த டெஸ்ட் என்பதும் இல்லை. சித்தி வீடும் ஐஸ்கிரீமும் மட்டும் தெளிவாக இருக்கின்றன.

இன்னொரு சிக்கல் கடைசி வரியில். பிள்ளை விடுப்பு எடுத்து முடித்துத் திரும்பிவிட்டது. இனி ‘விடுப்பு அளிக்குமாறு’ கேட்பதில் பொருளில்லை. அது முன்கூட்டியே தரும் கடிதத்துக்கு உரிய வரி. திரும்பி வரும்போது தரும் கடிதத்தில் ‘வரவில்லை’ என்று சொன்னாலே போதும். காய்ச்சலுக்கு யாரும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை.

வெட்டிய பிறகு:

‘வகுப்பாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். என் மகள் கயல் (6-பி) காய்ச்சல் காரணமாக ஜூலை 7 முதல் 9 வரை பள்ளிக்கு வரவில்லை. இன்று முதல் வருகிறாள். 8-ஆம் தேதி நடந்த கணக்குத் தேர்வை அவள் எப்போது எழுதலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். நன்றி.’

கீழே 10-ஆம் தேதி, பெற்றோர் பெயர், கையொப்பம், செல்பேசி எண். மரியாதை எங்கும் குறையவில்லை. ‘அவர்களுக்கு’, ‘வணக்கம்’, ‘வேண்டுகிறேன்’, ‘நன்றி’ ஆகிய நான்கும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. ‘மிகவும்’ சேர்த்தால் பணிவு கூடுவதில்லை, வரிதான் நீள்கிறது.

காரணத்தை எவ்வளவு சொல்வது? காய்ச்சல், வயிற்றுவலி, உறவினர் திருமணம் என்று ஓரிரு சொல் போதும். ஊருக்குப் போனதை ‘உடல்நலக் குறைவு’ என்று எழுதுவது வம்பு. மறுநாளே பிள்ளை வகுப்பில் ரயில் பயணத்தை விவரித்துக்கொண்டிருக்கும்!

சுருக்கக்கூடாத இடம் ஒன்று உண்டு. சின்னம்மை போட்டால் பல வீடுகளில் வெளியே சொல்லத் தயங்கி, ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். ஆனால் சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே பரவக்கூடியது. கடைசியாகப் பள்ளிக்கு வந்த நாளிலேயே பக்கத்தில் இருந்த பிள்ளைக்குத் தொற்றியிருக்கலாம். எனவே இங்கே நோயின் பெயரும், கொப்புளம் தெரிந்த தேதியும் அவசியம். அதுவும் திரும்பி வரும்போது அல்ல, முதல் நாளிலேயே.

‘கயலுக்கு நேற்று, ஜூலை 14 அன்று, சின்னம்மைக் கொப்புளங்கள் தெரிந்தன. அவை முழுதும் காய்ந்த பிறகு பள்ளிக்கு அனுப்புகிறேன். தேதியைப் பிறகு தெரிவிக்கிறேன்’ என்று எழுதலாம். எல்லாக் கொப்புளங்களும் பொருக்குத் தட்டும்வரை தொற்று இருக்கும். பொதுவாக இதற்குக் குறைந்தது ஐந்து நாளாகும், சிலருக்குக் கூடுதலாகவும் ஆகும். தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பதை மட்டும் வைத்து அனுப்பாமல், கொப்புளத்தைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. இந்தச் செய்தியை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடாமல் ஆசிரியருக்குத் தனியாக அனுப்பினால், பிள்ளையின் பெயர் ஊரெல்லாம் சுற்றாது.

பொதுத்தேர்வு வகுப்புகளில் இந்தச் சின்னத் தாளுக்கு எடை கூடும். சிபிஎஸ்இ பள்ளிகளில் 10, 12-ஆம் வகுப்பு மாணவர்கள் தேர்வெழுத 75 சதவீத வருகை வேண்டும். குறைந்தால், விலக்குக் கேட்க மருத்துவச் சான்று போன்ற ஆவணங்களைக் காட்ட வேண்டியிருக்கும். அப்போது கடிதத்தில் உள்ள தேதியும் சான்றில் உள்ள தேதியும் ஒத்துப்போக வேண்டும். கொடுக்கும் முன் இரண்டையும் செல்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், பிப்ரவரியில் தேடி அலைய வேண்டியிருக்காது.