அதே படம், நாட்டுக்கொரு விலை

நெட்ஃப்ளிக்ஸ் 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்தபோது, அதன் மாதச் சந்தா 500 ரூபாயில் தொடங்கியது. அமெரிக்க விலையை அப்படியே ரூபாயாக்கினாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். இருநூறு, முன்னூறு ரூபாய்க்குக் கேபிளில் நூறு சேனல் பார்த்துப் பழகிய வீடுகளுக்கு அது பெருந்தொகை.

அந்த நிறுவனம் 2021 டிசம்பரில் விலையை இறக்கியது. இரண்டு திரைகளில் பார்க்கும் திட்டம் 649 ரூபாயிலிருந்து 499 ஆனது. அதே திட்டத்துக்கு அப்போது அமெரிக்காவில் 13.99 டாலர். வங்கி மாற்று விகிதப்படி இது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். ஆனால் அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் பொருளும் சேவையும் இந்தியாவில் சராசரியாக 20 முதல் 23 ரூபாய்க்கே கிடைத்துவிடுகின்றன. வாங்கும் திறன் என்று பொருளாதார அறிஞர்கள் சொல்வது இந்தக் கணக்கைத்தான். அதை வைத்துப் பார்த்தால் 13.99 டாலர் சுமார் 300 ரூபாய்க்குச் சமம். ஆகவே பாதி விலைக்கும் குறைவாகத் தெரிந்த 499 கூட இந்தியக் குடும்பத்துக்கு அமெரிக்கக் குடும்பத்தைவிடக் கூடுதல் சுமைதான்.

ஒருமுறை எடுத்து முடித்த படத்தை இன்னொருவருக்குக் காட்ட ஆகும் செலவு மிகச் சொற்பம். அதனால் விலையை வெகுவாகக் குறைத்தாலும் நிறுவனத்துக்கு நட்டமில்லை. மலிவான சந்தாவைப் பணக்கார நாட்டுக்காரர்களும் வாங்கிக்கொள்வார்களோ என்பதே அதன் பயம்.

அந்தப் பயத்துக்கும் சேர்த்து விடை சொன்னது 2019 ஜூலையில் இந்தியாவில் வந்த கைபேசித் திட்டம். முதலில் 199 ரூபாய், பிறகு 149. ஒரே கைபேசி அல்லது டேப்லெட், 480பி தரம், டிவியில் ஓடாது. கைபேசியிலேயே படம் பார்க்கும் இளைஞருக்கு இது போதும். வரவேற்பறையில் பெரிய திரை வைத்திருப்பவருக்குப் போதாது. யாரிடமும் வருமானச் சான்று கேட்காமலே வாடிக்கையாளர்கள் தாமாகப் பிரிந்துவிடுகிறார்கள். உள்ளூர் விலை நிர்ணயத்தில் இதைவிட நேர்த்தியான ஏற்பாடு அரிது.

விலைக் குறைப்பு பலன் தந்தது. 2022இல் இந்தியாவில் பார்க்கும் நேரம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடியது. நாணய மதிப்பின் ஏற்ற இறக்கத்தை நீக்கிக் கணக்கிட்டால், வருவாய் வளர்ச்சியும் 19 சதவீதத்திலிருந்து 24 ஆனது. மறு ஆண்டு மேலும் 116 நாடுகளில் விலை குறைந்தது. அத்தனை நாடுகளும் சேர்ந்து மொத்த வருவாயில் ஐந்து சதவீதம்கூடத் தரவில்லை என்பதால், அங்கே சோதித்துப் பார்ப்பதில் நெட்ஃப்ளிக்ஸுக்குப் பெரிய ஆபத்தும் இல்லை.

இப்படியொரு தடுப்பு எல்லாச் சேவைக்கும் வாய்ப்பதில்லை. யூடியூப் பிரீமியத்தை மலிவான நாட்டில் இருப்பதுபோல் விபிஎன் மூலம் காட்டி வாங்கியவர்களின் சந்தாக்களை 2024இல் அந்நிறுவனம் ரத்து செய்தது. கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்திலும் அர்ஜென்டினாவின் மலிவு விலைக்காகக் கணக்கின் நாட்டை மாற்றிக்கொண்ட வெளிநாட்டவர்கள் இருந்தார்கள். பெசோவின் மதிப்பும் ஓயாமல் சரிந்துகொண்டிருந்தது. 2023 நவம்பரில் ஸ்டீம் அங்கே பெசோவைக் கைவிட்டு டாலர் விலைக்கு மாறியது. வட்டார டாலர் விலையைக் குறைவாகத் தனியே நிர்ணயிக்க விளையாட்டு நிறுவனங்களுக்கு வழி இருந்தும், பலர் அதைச் செய்யவில்லை. பெசோவில் சம்பளம் வாங்கும் அர்ஜென்டினா இளைஞர்களுக்கு ஒரே நாளில் பல விளையாட்டுகளின் விலை பன்மடங்கானது.